ரிசப்ஷனுக்கும் சிவப்புதானா?

கொஞ்சம் நீளமான பதிவு. காபியை ஆற்றிக்கொண்டு உட்காருங்கள்.

என் அண்ணன் பேத்தியின் கல்யாண ஆல்பம் வந்தது. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படங்களைப் போட்டார்கள். வாழ்த்துகள் வரிசையாக வந்துகொண்டிருந்த நேரத்தில் ஒரு பெரியவர், யார் என்று சொல்ல மாட்டேன், இப்படி எழுதினார்: "எல்லாம் சரி. ரிசப்ஷனுக்கு மட்டும் சிவப்பா எடுத்திருந்தா இன்னும் லட்சணமா இருந்திருக்கும்." உடனே கைகூப்பிய பொம்மைகள் ஏழெட்டு. அந்தப் பெண்ணும் குழுவில் இருக்கிறாள். படித்தாள். பதில் போடவில்லை. எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. குழுவில் பதில் சொன்னால் சண்டையாகும் என்று இங்கே எழுதுகிறேன். சண்டை இங்கேயே நடக்கட்டும்.

முதலில் ஒன்று கேட்கிறேன். ரிசப்ஷனுக்குச் சிவப்புதான் என்று யார் சொன்னது? முகூர்த்தத்துக்குக் கூறைப்புடவை அரக்கில் எடுப்பது நம் வீட்டு வழக்கம். அதை யாரும் மாற்றச் சொல்லவில்லை. என் பேத்தியும் முகூர்த்தத்துக்கு அரக்குதான் கட்டினாள், சந்தோஷமாகவே கட்டினாள். ஆனால் ரிசப்ஷன் என்பது சடங்கே இல்லை. அதில் மந்திரம் இல்லை, தாலி இல்லை, அக்கினி இல்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நிற்பார்கள், வந்தவர்கள் வரிசையில் வந்து கவரைக் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு சாப்பிடப் போவார்கள். 1978-ல் எனக்குக் கல்யாணம் ஆனபோது அப்படி ஒன்று கிடையவே கிடையாது. முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, அவ்வளவுதான். நேற்று வந்த ஒரு நிகழ்ச்சிக்குப் "பரம்பரை நிறம்" எங்கிருந்து முளைத்தது?

நான் சொல்கிறேன். துணிக்கடையில் மணப்பெண் பிரிவு என்று ஒரு மாடி இருக்கிறது. அங்கே வடநாட்டு லெஹங்காக்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அங்கே சிவப்பு முகூர்த்த நிறம், அவர்கள் வழக்கம் அது. நாம் அவர்களுடைய முகூர்த்த உடையை வாங்கி வந்து நம் ரிசப்ஷனில் போட்டுக்கொண்டு, அதை நம் பாட்டி காலத்து வழக்கம் என்கிறோம். அரக்கு என்ற பெயரே அரக்குப் பூச்சியின் பிசினிலிருந்து வந்தது, அதிலிருந்து எடுத்த சாயத்தின் நிறம் அது. அந்தக் காலத்தில் நன்றாகப் பிடித்து நிற்கிற சிவப்பு விலை உயர்ந்தது, அதனால் கல்யாணத்துக்கு உரியதாயிற்று என்றால் புரிந்துகொள்ளலாம். ஆனால் பச்சை அதைவிடச் சிரமம். ஒரு முறை அவுரியில் நீலம் ஏற்றி, இன்னொரு முறை மஞ்சள் ஏற்றினால்தான் பச்சை கிடைக்கும். உழைப்புதான் மங்களத்துக்கு அளவு என்றால் பச்சைக்கு இரண்டு பங்கு மங்களம்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

என் பேத்தி பாட்டில் பச்சை வேண்டும் என்றாள். சின்ன வயதிலிருந்து அவளுக்குப் பிடித்த நிறம். வீட்டில் பேச்சு எடுத்தபோது இரண்டு எதிர்ப்பு வந்தது. அவள் அம்மா, "சிவப்புன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, பயமில்லாத நிறம்" என்றாள். மாப்பிள்ளையின் பெரியம்மா நிச்சயதார்த்தத்தன்று எல்லோர் முன்னாலும், "பச்சை நல்ல நிறம்தான். ஆனா பொண்ணு மாநிறத்துக்கும் கொஞ்சம் கம்மி, பச்சை எடுக்காது. சிவப்புன்னா முகம் தூக்கிக் காட்டும்" என்றார். பேத்தி சிரித்துக்கொண்டே காபி டம்ளரை எடுத்துப்போனாள். சமையலறையில் அவள் முகத்தைப் பார்த்தது நான்தான்.

இந்த "எடுக்காது" என்ற சொல்லைக் கொஞ்சம் உடைத்துப் பார்ப்போம். ஒரு நிறம் ஒருத்திக்கு எடுக்கவில்லை என்றால் உண்மையில் என்ன தெரியும்? கண்ணுக்குக் கீழே நிழல் கூடும், முகம் களைத்தாற்போல் சாம்பல் பூத்துத் தெரியும், பார்க்கிறவர் கண் முகத்துக்குப் போகாமல் துணியிலேயே நிற்கும். இதையெல்லாம் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் பெரியம்மா சொன்னது அதை இல்லை. பெண்ணை நிஜத்தைவிட வெளுப்பாகக் காட்டுகிற நிறம் எதுவோ அதுதான் எடுக்கிற நிறம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்குக்கு விடையே கிடையாது, ஏனென்றால் எந்தப் புடவையும் யாரையும் வெளுப்பாக்காது. கருப்பான பெண்ணுக்கு ஆழமான நிறங்கள், பச்சையோ நீலமோ நாவல்பழ நிறமோ, பெரும்பாலும் நன்றாகவே அமையும். தடுமாறுவது சாம்பல் கலந்த வெளிர் நிறங்களில்தான். "வெளிச்சமா எடு, கலரா தெரிவே" என்று கருப்பான பெண்களின் தலையில் நாம் கட்டுவது பெரும்பாலும் அந்த வெளிர் நிறங்களைத்தான் என்பது வேடிக்கை.

சரி, பேசிக்கொண்டே இருந்தால் முடியாது, பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். இயற்பியல் டீச்சர் வேறு என்ன செய்வாள்?

எங்கள் வீட்டு பீரோ, அண்ணி வீட்டு பீரோ இரண்டையும் குடைந்து ஐந்து பழைய பட்டுப்புடவைகள் எடுத்தோம். அரக்கு ஒன்று, பாட்டில் பச்சை ஒன்று, மயில்கழுத்து ஒன்று, மாம்பழ மஞ்சள் ஒன்று, வாடாமல்லி ஒன்று. புதுப்புடவையை யாரும் இரவல் தர மாட்டார்கள், நிறம் பார்க்கப் பழையதே போதும். முதலில் பகலில், காலை 10 மணிக்குத் திண்ணையில், நேர் வெயில் படாத இடத்தில் பேத்தியை நிறுத்தினோம். பூச்சு இல்லை, நகை இல்லை. ஒவ்வொரு முந்தானையையும் தோளில் போட்டு, பத்தடி தூரத்தில் நின்று, புடவையைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்த்தோம். செல்போனில் படமும் எடுத்தோம், அழகுபடுத்தும் வசதியை எல்லாம் அணைத்துவிட்டு, கையில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடிக்கச் சொல்லி.

அந்த வெள்ளைத்தாள் எதற்கு? படத்தில் தாள் மஞ்சளாக விழுந்திருந்தால் வெளிச்சம் மஞ்சள் என்று அர்த்தம், புடவையும் அந்த அளவுக்குப் பொய் சொல்லுகிறது. தாள் நீலமாக இருந்தால் வேறு பொய். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் புடவைப் படம் அனுப்பினால், பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் வைத்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தப் படத்தை நம்பி வாங்காதீர்கள்.

திண்ணைச் சோதனையில் அரக்கும் நன்றாகத்தான் இருந்தது. நான் பொய் சொல்ல மாட்டேன். பச்சையும் நன்றாக இருந்தது. ஆனால் ஒரு குறை கண்டுபிடித்தோம். பளபளக்கிற பச்சைப் பட்டை நல்ல வெளிச்சத்தில் கழுத்தை ஒட்டி வைத்தால், அதில் பட்டுத் திரும்புகிற ஒளியும் பச்சையாக இருக்கிறது. தாடைக்கு அடியில், கழுத்தில் ஒரு பச்சைச் சாயல் விழுந்தது. பெரியம்மா கண்ணில் ஏதோ ஒரு காலத்தில் இதுதான் பட்டிருக்க வேண்டும். இதற்குப் பெண்ணின் நிறம் காரணமில்லை, எந்தப் பெண்ணுக்கும் விழும். மருந்தும் எளிது: முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது ரவிக்கை. ரவிக்கையைப் பச்சையாகத் தைக்காமல் வேறு நிறத்தில் தைத்தால் போதும்.

"அப்ப அரக்குக் கரை, அரக்கு ரவிக்கை வெச்சிடலாம். பச்சை உடல், அரக்குக் கரை, காஞ்சிபுரத்துல காலங்காலமா இருக்குற ஜோடி. உனக்கும் பச்சை, அவங்களுக்கும் சிவப்பு" என்றேன் பெருமையாக.

பேத்தி என்னைப் பார்த்தாள். "அத்தைப் பாட்டி, நீங்களும் பின்வாசல் வழியா சிவப்பைக் கொண்டு வர்றீங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று கீழே சொல்கிறேன். அந்த யோசனையை அங்கேயே விட்டேன். கடுகு மஞ்சள் கரை, அதே நிறத்தில் ரவிக்கை என்று முடிவாயிற்று. மஞ்சளும் ஒளியைத் திருப்பும்தான், ஆனால் அது தோலின் வெதுவெதுப்போடு சேர்ந்துகொள்ளும், உறுத்தாது.

அடுத்தது மண்டபம். இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். புடவை எடுக்க மூன்று ஊர் அலைவார்கள், அந்தப் புடவை எந்த விளக்கின் கீழ் நிற்கப்போகிறது என்று ஒரு நிமிடம் யோசிக்க மாட்டார்கள். எங்கள் ஊர் மண்டபத்தில் அலங்காரம் செய்கிறவரிடம் பேசி, வேறொரு கல்யாணத்துக்கு அவர் விளக்கு கட்டி முடித்திருந்த ஒரு மாலை, ஆட்கள் வருவதற்கு முன் கால்மணி நேரம் அனுமதி வாங்கினோம். ஐந்து புடவைகளையும் தூக்கிக்கொண்டு போனோம்.

மேடையின் இரண்டு பக்கமும் நிறம் மாறுகிற எல்.இ.டி. விளக்குகள். அன்று வாடாமல்லி நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன. என்னிடம் பத்தாம் வகுப்பில் முப்பட்டகம் படித்தவர்கள் இனி நடப்பதைப் படிக்காமலேயே சொல்லிவிடலாம். வாடாமல்லி வெளிச்சம் என்பது சிவப்பும் நீலமும் சேர்ந்தது, அதில் பச்சை ஒளி கிட்டத்தட்ட இல்லை. பச்சைத்துணி பச்சையாகத் தெரிய வேண்டுமானால் அதன்மேல் பச்சை ஒளி விழ வேண்டும். விழவில்லை. பாட்டில் பச்சை அப்படியே கருப்பாகிவிட்டது. மயில்கழுத்தில் இருந்த பச்சை செத்து வெறும் நீலம் நின்றது. வாடாமல்லிப் புடவை பின்னணியோடு கரைந்து போயிற்று. மாம்பழ மஞ்சள், சிவப்பு ஒளியை மட்டும் திருப்பி அனுப்பியதால், சிவப்பாக மாறி நின்றது. பெரியம்மா அங்கே இருந்திருந்தால் அதையே எடுக்கச் சொல்லியிருப்பார்.

அரக்கு? பளிச்சென்று தெரிந்தது. ஆனால் படம் எடுத்துப் பார்த்தால் உடலும் கரையும் மடிப்பும் எல்லாம் ஒரே சிவப்புத் திட்டு. அழுத்தமான சிவப்பின்மேல் சிவப்புக் கலந்த ஒளி கொட்டினால் கேமராவில் சிவப்பு நிரம்பி வழிந்துவிடும், உள்ளே இருக்கிற நெசவு வேலை பதியாது. "சிவப்புன்னா பயமில்லை" என்று சொல்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. மலிவான வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் சிலவற்றில் ஆழ்ந்த சிவப்பு ஒளி குறைவாக இருக்கும். அவற்றின் கீழ் அரக்கு பழுப்படித்துக் காய்ந்த நிறமாகத் தெரியும், முகங்களும் வெளிறித் தெரியும். எந்த நிறமும் தானாகப் பிழைத்துக்கொள்ளாது. விளக்கு சரியாக இருந்தால் எல்லா நிறமும் பிழைக்கும்.

விளக்குத் தம்பியிடம் கேட்டேன்: "பின்பக்கத் துணிமேல என்ன நிறம் வேணா அடிப்பா. முன்பக்கம் அவங்க மேல படுற விளக்கை மட்டும் சாதா வெள்ளையில, கொஞ்சம் வெதுவெதுப்பா, மாத்தாம வைக்க முடியுமா?" அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். அவ்வளவுதான். ஒரு பைசா கூடுதல் இல்லை. பச்சை உயிரோடு திரும்பி வந்தது. "யாருமே கேட்க மாட்டாங்க டீச்சர், கேட்டா செய்வோம்" என்றார். நிகழ்ச்சி அன்று மறந்துவிடுவார்கள் என்பதால் ஒப்பந்தத் தாளிலேயே ஒரு வரி எழுதி வாங்கினோம்.

பின்னணியிலும் ஒரு சிக்கல். அலங்காரக்காரர் எங்களுக்குக் காட்டியிருந்தது முழுக்கப் பச்சை இலைச்சுவர். பச்சை இலைக்கு முன்னால் பச்சைப் புடவை நின்றால் பெண்ணின் உருவரை கரைந்துபோகும். சந்தன நிறத் துணியும் வெள்ளைப் பூவும் என்று மாற்றச் சொன்னோம். அவருக்கு அது சுலபமாகவே இருந்தது.

இனி நான் தோற்ற இடத்தையும் சொல்ல வேண்டும். சரியான வெள்ளை விளக்கிலும், மேடையிலிருந்து கடைசி வரிசை நாற்காலி வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். பத்தடியில் அழகாக இருந்த பாட்டில் பச்சை, கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் கருப்புக்கு வெகு பக்கத்தில் இருந்தது. கல்யாண மேடையில் கருப்பைப் பார்த்தால் பெரியவர்கள் மனசு கலங்கும். அதை மூடநம்பிக்கை என்று நான் வாதாடலாம், ஆனால் 80 வயது அண்ணியின் நெஞ்சில் அதை வைத்து வாதாட எனக்கு விருப்பமில்லை. பேத்தியைக் கூப்பிட்டுக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, என் தோளில் புடவையைப் போட்டுக்கொண்டு நான் மேடையேறினேன். அவளே சொன்னாள்: "ஒரு படி வெளிச்சமா போலாம் பாட்டி. இலைப்பச்சைக்கும் பாட்டில் பச்சைக்கும் நடுவுல." அவளாகப் பார்த்து அவளாகச் சொன்னது. நிறத்தை மாற்றச் சொல்லவில்லை யாரும். அந்த நிறத்துக்குள்ளேயே எந்தப் படி என்று பார்த்தோம். நான் சொல்ல வருவதன் பாதி இதுதான். "பச்சையா சிவப்பா" என்று கேட்டால் சண்டைதான் வரும். "எவ்வளவு ஆழம், எவ்வளவு பளபளப்பு, எந்தக் கரை" என்று கேட்டால் பெண் தன் விருப்பத்தோடும் பெரியவர்கள் தங்கள் கவலையோடும் ஒரே பக்கம் நிற்கலாம்.

கடையில் எப்படி வாங்கினோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடைக்குள் எரிகிற விளக்கு புடவையை விற்பதற்காக எரிகிறது. பிடித்ததை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் காட்டச் சொன்னோம். இருட்டிய பிறகு போகாதீர்கள். பச்சையில் பல புடவைகள் உண்மையில் இரட்டை நிறம், பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். விரித்து வைத்தால் பச்சையாக இருக்கும், மடித்தால் நீலமோ மஞ்சளோ தலைகாட்டும். கொசுவம் வைத்துக் கட்டிப் பார்த்தால்தான் தெரியும். எங்களுக்கு முதலில் பிடித்த புடவை, கொசுவம் வைத்ததும் பாதி நீலமாயிற்று, விட்டுவிட்டோம். பிறகு, முந்தானையின் உட்பக்க ஓரத்தில் ஈரப் பஞ்சால் லேசாக ஒற்றிப் பார்க்க அனுமதி கேட்டோம். பஞ்சு பச்சையானால் மூன்று மணி நேரம் விளக்குச் சூட்டில் வியர்த்தால் உள்பாவாடையும் பச்சையாகும், ரவிக்கையின் கடுகு மஞ்சளும் கெடும். முகம் சுளித்தார்கள், அனுமதித்தார்கள். பஞ்சு வெள்ளையாகவே வந்தது.

தேடியும் அந்தப் படி கிடைக்கவில்லை என்றால் தறியில் சொல்லிச் செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். செய்யலாம். ஆனால் சாயம் தோய்த்து, பாவு ஓட்டி, தறியில் ஏற்றி இறக்க வாரக்கணக்கில் ஆகும், தோய்த்த நிறம் நீங்கள் காட்டிய துணுக்கைவிட ஒரு படி முன்பின் இருக்கலாம். ரவிக்கை தைக்கும் நாளையும் கணக்கில் வைத்துக்கொண்டு மூன்று மாதமாவது கையில் இருந்தால்தான் அந்த வழிக்குப் போங்கள்.

நகை விஷயத்தில் எனக்கு ஓர் ஆச்சரியம். பேத்தி கேட்டது என் அம்மாவின் பழைய அட்டிகையை. முழுக்கச் சிவப்புக் கல். "சிவப்பு வேண்டாம்னியே?" என்றேன். "சிவப்பை எனக்குப் பிடிக்காதுன்னு நான் எப்ப சொன்னேன்? அதைக் கட்டிக்கணும்னு மத்தவங்க சொல்றதுதான் பிடிக்கலை" என்றாள். பச்சைக்கு மேல் அந்தக் கற்கள் எரிந்தது போல் வேறு எந்தப் புடவையிலும் எரிந்து நான் பார்த்ததில்லை. அரக்குப் புடவையின்மேல் போட்டிருந்தால் கல் இருப்பதே தெரிந்திருக்காது.

இப்போது, அந்தச் "சுருக்" எதற்கு என்று சொல்கிறேன். 2006-ல் என் மகளுக்குக் கல்யாணம். ரிசப்ஷனுக்கு மயில்கழுத்து வேண்டும் என்று அவள் கேட்டாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "சம்பந்தி வீட்ல என்ன நினைப்பாங்க, மெரூன் எடுத்துடலாம்" என்றேன். அவள் சரி என்றாள். நல்ல பெண்கள் சரி என்றுதான் சொல்வார்கள், அதுதான் பிரச்சினை. மேடையில் சிவப்பு வெல்வெட் திரை, சிவப்பு சிம்மாசன நாற்காலிகள், சிவப்புக் கம்பளம். வீடியோவைப் போட்டால் மாப்பிள்ளை முழுதாக உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் என் மகளின் தலையும் இரண்டு கைகளும் மட்டும் மிதந்துகொண்டிருக்கும். அந்தக் குறுந்தகட்டை அவள் இரண்டாவது முறை போட்டுப் பார்த்து நான் அறியேன். அந்தப் புடவையும் அதன் பிறகு வெளியே வந்ததில்லை. என் பீரோவில்தான் இருக்கிறது. சோதனைக்கு எடுத்துப்போனோமே ஓர் அரக்கு, அது அண்ணியுடையது. என் மகளுடையதை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், இது துணி விஷயம் மட்டும் இல்லை. கல்யாணத்தில் எத்தனையோ விஷயங்களைப் பெண்ணிடம் கேட்பதே இல்லை. நாள் ஜோசியர் பார்க்கிறார், மண்டபம் கிடைப்பதைப் பொறுத்தது, சாப்பாடு சித்தப்பா பொறுப்பு, கூறைப்புடவை வழக்கப்படி. மிச்சம் இருப்பது அந்த ஒரு மாலை. அதிலும் நாமே புகுந்து, "யாரும் ஒண்ணும் சொல்லாத" நிறத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறோம். யாருக்குப் பாதுகாப்பு? நமக்கு. சம்பந்தி வீட்டார் ஏதும் சொல்லிவிட்டால் தாங்க முடியாத நமக்கு.

ரிசப்ஷன் அன்று என்ன நடந்தது என்று கேட்பீர்கள். எதுவும் நடக்கவில்லை. யாரும் மயங்கி விழவில்லை. முன்விளக்கு வெள்ளையாகவே எரிந்தது. இடையில் ஒரு தடவை ஆட்டத்துக்காக நிறம் மாற்றினார்கள், ஐந்து நிமிடம் பேத்தி கருப்புப் புடவையில் நின்றாள், அண்ணன் மகன் ஓடிப்போய் ஒப்பந்தத் தாளைக் காட்டினான். மாப்பிள்ளையின் பெரியம்மா மேடையேறி வந்து அட்டிகையைத் தொட்டுப் பார்த்து, "கல்லு நல்லாயிருக்கு" என்றார். புடவையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனம் மாறிவிட்டது என்று கதை விட மாட்டேன்.

ஆனால் ஆல்பம் வந்தபோது இன்னொரு கூத்து. படம் எடுத்தவர்கள் கேட்காமலேயே எல்லாப் படத்திலும் பேத்தியின் முகத்தை இரண்டு படி வெளுத்திருந்தார்கள். அதற்காக முழுப் படத்தையும் ஏற்றியதில் பச்சை கிளிப்பச்சை ஆயிற்று, கடுகு மஞ்சள் எலுமிச்சை ஆயிற்று, கைகள் வேறு நிறம், முகம் வேறு நிறம். நீங்கள் குழுவில் பார்த்தது அந்தப் படங்களைத்தான்! "சிவப்பா இருந்திருக்கலாம்" என்று எழுதியவர் பார்த்தது அவள் கட்டிய புடவையே இல்லை. திருத்தாத மூலப்படங்களைக் கேட்டு வாங்கி, முகத்தைத் தொடாமல் மறுபடி செய்யச் சொல்லியிருக்கிறோம். இதையும் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லி வையுங்கள்: தோல் நிறத்தில் கை வைக்கக் கூடாது, மூலப்படங்கள் வேண்டும்.

சரியான படங்கள் வந்ததும் நானே குழுவில் போடுவேன். கூடவே ஒரு வெள்ளைத்தாளையும் பிடித்துக்கொண்டு அவளை நிற்கச் சொல்லிப் படம் எடுத்துப் போடுகிறேன், சந்தேகம் இருப்பவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுப் பெண் சிவப்பு வேண்டும் என்று கேட்டால் சிவப்பு எடுத்துக் கொடுங்கள், சிவப்புத் திரையைக் கழற்றச் சொல்லிவிட்டு. வேறு நிறம் கேட்டால் "எடுக்காது" என்ற சொல்லை எடுப்பதற்கு முன் அவளைத் திண்ணையில் நிறுத்தி ஒரு முறை பாருங்கள். அப்புறம் மண்டபத்துக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து பாருங்கள். அவ்வளவுக்கும் பிறகு நீங்கள் சொல்வதை அவள் கேட்பாள்.

என் மகள் இதைப் படிப்பாள் என்று தெரியும். அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது மயில்கழுத்து ஒன்று எடுக்கப் போவோம் அம்மா. காலை 10 மணிக்கு, வாசல் வெளிச்சத்தில்.